முழங்கையில் விழும் தொய்வு: நூலின் பங்கு எவ்வளவு, பின்னலின் பங்கு எவ்வளவு

கேள்வி: "மாரிக்குப் போட எடுத்த சுவெட்டர், ரெண்டு மாசத்துல முழங்கைல பை மாதிரித் தொங்குது. மகன்ட ட்ரக் பொட்டமும் முழங்கால்ல அப்பிடித்தான். கழுவினா கொஞ்சம் சரியாகுது, மட்டக்களப்புல இருந்து கல்முனைக்கு ஒரு தரம் பைக்ல போய் வந்தா திரும்பவும் அதே கதை. நூல்ல பிழையா, பின்னல்ல பிழையா? அடுத்த தரம் எடுக்கக்குள்ள என்னத்தப் பாக்கணும்?"

கழுவினால் கொஞ்சம் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. கழுவும்போது திரும்பி வருவது பின்னலில் சிக்கி நின்ற பகுதி. கழுவியும் வராமல் நிற்பது நூலிழை இழந்துவிட்ட பகுதி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய முடியாது என்று தெரியும்.

முதலில் கையிலிருந்து தொடங்குவோம். கையை நீட்டி வைத்து, முழங்கைக்கு மேலும் கீழுமாகத் தோலில் இரண்டு புள்ளி வைத்து அளந்துவிட்டு, கையை முழுதாக மடக்கி மறுபடி அளந்து பாருங்கள். வெளிப்பக்கத் தோல் நெடுக்குவாட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை நீள்கிறது. முழங்காலில் இது 45 சதவீதம் வரை போகும். குறுக்குவாட்டில் நீள்வது இதில் பாதிக்கும் குறைவு. ஆகவே முழங்கையும் முழங்காலும் துணியிடம் கேட்பது முக்கியமாக நெடுக்கு நீட்சியை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னலைப் பற்றிப் பேசும்போது இதுதான் தீர்மானிக்கப் போகிறது.

சட்டைக் கை தொளதொளவென்று இருந்தால் மடக்கும்போது துணி வழுக்கி மேலே ஏறிவிடும். அவ்வளவு நீள வேண்டிய தேவை இருக்காது. சுவெட்டரின் கதை வேறு. மணிக்கட்டில் இறுக்கமான ரிப் பிடித்துக்கொள்கிறது, மேலே தோள் தையல் பிடித்துக்கொள்கிறது, நடுவே கம்பளியின் மயிர் உள்ளாடையில் ஒட்டி வழுக்க விடாமல் செய்கிறது. அதனால் தோல் நீளும் அளவில் பெரும்பகுதியைத் துணியும் நீண்டுதான் கொடுக்க வேண்டும்.

அப்படி நீளும்போது நூல் இழுபடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பின்னல் துணியில் நூல் பெரிதாக இழுபடுவதே இல்லை. ஒவ்வொரு கண்ணியும் வளைந்த ஒரு நூல்துண்டு. துணியை நெடுக்கே இழுத்தால் கண்ணியின் தலைப்பக்க வளைவிலிருந்து நூல் நழுவி இரண்டு கால்களுக்கும் போகிறது. கண்ணி ஒடுங்கி உயர்கிறது. துணி 30 சதவீதம் நீண்டிருந்தாலும் நூல் ஒன்றிரண்டு சதவீதம் மட்டுமே நீண்டிருக்கலாம். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே பாவு நூலும் ஊடை நூலும் ஏறக்குறைய நேராக ஓடுகின்றன, இழுத்தால் கொடுக்க மிச்ச நூல் இல்லை, அதனால் துணி அதிகம் நீளாது. பின்னலில் ஒவ்வொரு கண்ணியிலும் மிச்ச நூல் வளைந்து கிடக்கிறது.

கையை நீட்டியதும் அந்த நூல் பழைய இடத்துக்கு நழுவிப் போக வேண்டும். போக வைப்பது வளைத்து வைக்கப்பட்ட நூலின் விறைப்பு. ஒவ்வொரு கண்ணியும் ஒரு சின்ன ஸ்பிரிங் போலத் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது. தடுப்பது, ஒரு கண்ணி அடுத்த கண்ணிக்குள் நுழையும் இடங்களில் நூலும் நூலும் உரசும் உராய்வு. வடிவம் திரும்பத் திரும்ப ஸ்பிரிங்கின் வேகம் குறைந்துகொண்டே வரும். உராய்வோ குறையாது. இரண்டும் சமமாகிற இடத்தில் கண்ணி நின்றுவிடும். அது ஆரம்ப இடத்துக்குச் சற்று முன்னாலேயே இருக்கும். அந்த மிச்சம்தான் தொய்வின் முதல் பகுதி. தண்ணீரில் போட்டு மெதுவாக அசைக்கும்போது நூல் குலுங்கி உராய்வு விடுபடுகிறது, கண்ணி மீதித் தூரத்தையும் கடந்துவிடுகிறது. நீங்கள் கழுவும்போது பார்த்தது இதைத்தான்.

இரண்டாவது பகுதி இழைக்குள்ளே நடப்பது. இங்கே நேரமும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீற்றர். கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று கடைத்தெருக்களில் நின்று நின்று போனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரமும் முழங்கை மடங்கியே இருக்கிறது. ஒரு கணம் இழுத்து விட்ட இழையும் ஒரு மணித்தியாலம் இழுத்துப் பிடித்த இழையும் ஒன்றல்ல. பிடித்து வைத்தால் உள்ளே மூலக்கூறுகள் மெல்ல நழுவி புது இடத்தில் அமர்ந்துகொள்ளும், ஸ்பிரிங்கின் வேகமும் அதற்கேற்பக் குறையும். மார்கழி மாரியின் ஈரக்காற்றும் உள்ளே வியர்வையும் இருந்தால் பருத்தியில் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

பருத்தியின் செலுலோஸ் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிணைத்து வைத்திருப்பவை பலவீனமான ஐதரசன் பிணைப்புகள். தண்ணீர் அவற்றை அவிழ்க்கிறது, உலரும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிணைகின்றன. பருத்தி இழையை 2 சதவீதம் இழுத்து விட்டால் அதில் முக்கால்வாசி திரும்பும். 5 சதவீதம் இழுத்தால் திரும்புவது பாதிக்கும் சற்றுக் குறைவு. கம்பளியின் கட்டமைப்பு முற்றிலும் வேறு. அதன் புரதச் சங்கிலிகள் சுருளாக இருக்கின்றன. இழுத்தால் சுருள் விரியும், ஆனால் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் உறுதியாகப் போடப்பட்டிருப்பதால் விட்டதும் சுருள் மீண்டும் சேரும். 2 சதவீதத்தில் ஏறக்குறைய முழுதாகவும், 20 சதவீதம் இழுத்தால்கூட மூன்றில் இரண்டு பங்கு அளவிலும் திரும்பிவிடும். இதோடு இயற்கையான நெளிவும் உண்டு, அது கண்ணிக்கு இன்னொரு ஸ்பிரிங். ஈரம் கம்பளிக்கும் இளக்கம் கொடுக்கிறது. ஆனால் அந்த இளக்கத்தில் அது போவது பழைய வடிவத்தை நோக்கி. அதனால்தான் ஓய்வு கொடுத்த கம்பளி தானாகவே சற்றுத் தேறுகிறது. பருத்திக்கு அந்தக் குணம் இல்லை.

உங்கள் சுவெட்டர் அக்ரிலிக் என்ற செயற்கை இழையாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. நுவரெலியாப் பயணத்துக்கென்று நமது கடைகளில் விற்கும் மலிவுச் சுவெட்டர்களில் பெரும்பாலானவை அதுதான். உலர்ந்த, குளிர்ந்த நிலையில் அக்ரிலிக் சின்ன இழுவையிலிருந்து நன்றாகவே திரும்பும். அதன் எதிரி சூடும் ஈரமும் ஒன்றாகச் சேர்வது. நனைந்த அக்ரிலிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். கொதிநீரில் ஊறவைத்தாலோ நீராவி அயன் பிடித்தாலோ இழையின் ஸ்பிரிங் போய், துணி துவண்டு பாரமாகத் தொங்கும். அதன்பின் எத்தனை தரம் கழுவினாலும் அது வராது. சுவெட்டர் முழுவதும் தளர்ந்து, தொட்டால் வழவழவென்று உயிரில்லாமல் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

தொய்வு எவ்வளவு என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் ஏமாற்றும். சுவெட்டரைக் கழுவி, தரையில் பரப்பி உலர்த்தி, முழங்கை வரும் இடத்தில் கையின் நெடுக்கே சரியாக 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் வேறு நிற நூலால் இரண்டு சின்ன அடையாளம் போடுங்கள். போட்டுக்கொண்டு ஒரு தரம் பயணம் போய்வந்து கழற்றியவுடன், துணியின் மேட்டைப் பின்பற்றி நாடாவால் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து, மறுநாள் காலை, பிறகு கழுவிப் பரப்பி உலர்த்திய பின் என்று மொத்தம் நான்கு தரம் அளக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, கழற்றியவுடன் 10.9, ஐந்து நிமிடத்தில் 10.6, காலையில் 10.4, கழுவிய பின் 10.1 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். முதலில் குறைந்த 3 மில்லிமீற்றரும் இரவில் குறைந்த 2 மில்லிமீற்றரும் மெதுவாகத் திரும்பிய நீட்சி. இவற்றுக்குத் தேவை ஓய்வு மட்டும். கழுவியதில் குறைந்த 3 மில்லிமீற்றர் உராய்வில் சிக்கியிருந்தது. மீதி 1 மில்லிமீற்றர் இழை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டது. கழுவாமல் மறுநாளும் அதையே போட்டால் தொடக்கமே 10.4 ஆகிவிடும், அதற்கு மேல் அடுத்த தொய்வு ஏறும். ஒரு சுவெட்டரை வாரம் முழுக்கப் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போடுவதில் உள்ள பயன் இதுதான்.

வெறும் 4 மில்லிமீற்றர் மிச்சம் ஏன் அவ்வளவு பெரிய பையாகத் தெரிகிறது? சுற்றியுள்ள துணி நீளவில்லை, அது பழைய 10 சென்ரிமீற்றரிலேயே பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் 10.4 சென்ரிமீற்றர் துணி அந்த இடத்துக்குள் அடங்க வேண்டுமானால் மேலே எழும்பித்தான் ஆக வேண்டும். ஒரு தட்டையான வில்லாகக் கணக்குப் போட்டால் அந்த மேட்டின் உயரம் சுமார் 12 மில்லிமீற்றர். 1 மில்லிமீற்றர் மிச்சம் இருந்தாலே 6 மில்லிமீற்றர் மேடு எழும்பும். அதனால்தான் துணி 96 சதவீதம் ஒழுங்காக இருந்தும் பார்ப்பவருக்குக் கெட்டுப்போனதாகத் தெரிகிறது. மிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாலே தோற்றத்தில் நல்ல வித்தியாசம் தெரியும் என்பதும் இதிலிருந்து வருகிறது.

இப்போது பின்னல் அமைப்பு. ரிப் பின்னல் எடுத்தால் தொங்காது என்று கடையில் சொல்வார்கள். அது குறுக்குவாட்டுக்கு மட்டும் உண்மை. ரிப்பில் ஒரு நெடுக்கு வரிசை முன்பக்கமும் அடுத்தது பின்பக்கமுமாக மடிந்து கிடக்கிறது. அகலத்தில் இழுத்தால் அந்த மடிப்பு விரியும், விட்டால் உடனே மூடும், அதனால்தான் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் அது சிறந்தது. நெடுக்கே இழுக்கும்போது மடிப்புக்கு வேலையே இல்லை. சாதாரண ஒற்றைப் பின்னலைப் போலவே கண்ணி ஒடுங்கி உயர்ந்துதான் நீள வேண்டும். முழங்கை கேட்பதோ நெடுக்கு நீட்சி. ஆகவே ரிப் கை, கையோடு ஒட்டி அழகாக நிற்கும், ஆனால் முழங்கைத் தொய்வை அதனால் தடுக்க முடியாது.

நெடுக்கே மடிந்து கிடக்கும் பின்னல் ஒன்று உண்டு. துணியை ஒரே பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வரிசை நேர்க்கண்ணி, அடுத்த வரிசை மறுகண்ணி என்று மாறி மாறித் தெரியும்படி பின்னுவது. கையால் பின்னுபவர்கள் எல்லா வரிசையும் ஒரே கண்ணியாகத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது இதுதான் கிடைக்கிறது. துணியின் இரு பக்கமும் குறுக்கே மேடு மேடாகத் தெரியும். இதில் குறுக்கு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒடுங்கி நிற்பதால், நெடுக்கே இழுத்தால் முதலில் அந்த ஒடுக்கம்தான் விரிகிறது. கண்ணியிலிருந்து நூல் நழுவ வேண்டிய தேவை குறைகிறது. முழங்கைப் பகுதியை மட்டும் இப்படிப் பின்னினாலே பலன் தெரியும். துணி தடிக்கும், நூல் கூடச் செலவாகும், பாரமும் கூடும். முழுச் சுவெட்டருக்கும் செய்தால் அதன் பாரமே அதைக் கீழே இழுத்துவிடும், அதனால் முழங்கையோடு நிறுத்துவது நல்லது.

எந்த அமைப்பானாலும் கண்ணியின் நீளம் முக்கியம். தளர்வாகப் பின்னிய துணியில் கண்ணி பெரிது, வளைவு மெதுவானது, ஆகவே திரும்பத் தள்ளும் வேகம் குறைவு. பக்கத்துக் கண்ணிகளிலும் மிச்ச நூல் கிடப்பதால் முழங்கை இழுக்க இழுக்க அங்கிருந்தும் நூல் ஊறி வரும். இறுக்கிப் பின்னினால் இது குறையும். ஆனால் மிகவும் இறுக்கினால் கண்ணி வடிவம் மாற இடமில்லாமல் நூலே நீள வேண்டி வரும், பிறகு சேதம் இழைக்குப் போய்விடும். டபிள் நிட்டிங் நூலுக்கு 4 மில்லிமீற்றர் ஊசியில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வருவது வழமை. கைக்குப் பின்னும்போது அரை மில்லிமீற்றர் சிறிய ஊசி எடுத்தால் போதும், அதற்கு மேல் இறுக்கத் தேவையில்லை. கடைச் சுவெட்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழுக்காமலே கண்ணிகளுக்கிடையே வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் அது மாரி முடியுமுன் தொங்கிவிடும்.

பருத்திப் பின்னல் வேண்டும், தொய்வும் கூடாது என்றால் வழி ஸ்பான்டெக்ஸ்தான். அது தன் நீளத்தைப் போல நான்கைந்து மடங்கு நீண்டும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பும். ஆடைத் தொழிற்சாலைகளில் அதை இழுத்த நிலையில் பருத்தி நூலோடு சேர்த்தே ஊசிக்குக் கொடுப்பார்கள். பின்னி முடிந்ததும் அது சுருங்கிக் கண்ணிகளை நெடுக்கும் குறுக்கும் நெருக்கி வைக்கும். உராய்வை வெல்ல வேண்டிய ஸ்பிரிங்கை வெளியிலிருந்து சேர்ப்பது என்று இதைச் சொல்லலாம். 5 சதவீதம் இருந்தாலே முழங்கால் வித்தியாசமாக நடந்துகொள்ளும். மகனின் ட்ரக் பொட்டத்துக்கு லேபலில் இதைத்தான் தேட வேண்டும். பள்ளிப் பிள்ளை சப்பாணி கட்டி உட்கார்கிறது, குந்தி எழுகிறது, மேசைக்கடியில் மணிக்கணக்காகக் காலை மடக்கி வைக்கிறது. உட்புறம் பஞ்சு தட்டிய தடித்த பருத்தித் துணி இதற்குத் தாக்குப்பிடிக்காது, பார்க்கத்தான் பலமாக இருக்கும். பொலியெஸ்டர் மட்டும் உள்ள பின்னலும் பரவாயில்லை, அது ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை எனலாம். வெயிலில் வேர்க்கும் என்பது அதன் குறை. ஸ்பான்டெக்ஸ் உள்ள துணிக்குக் குளோரின் வெளுப்பான் போடவேண்டாம், சூடான அயன் நேரே வைக்கவும் வேண்டாம். இழை அறுந்தால் துணியின் மேல் மெல்லிய மினுங்கும் நுனிகள் எழும்பும், மேற்பரப்பு அலை அலையாகும். அதற்கு மருந்தில்லை.

இருக்கும் சுவெட்டரைச் சரிசெய்ய, அதை உட்புறம் வெளியே திருப்பி, ஐந்து லீற்றர் சாதாரண தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி ஷம்பு கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கசக்க வேண்டாம், அமுக்கி அமுக்கி விட்டால் போதும். கம்பளியைக் கசக்கினால் மயிர்கள் ஒன்றோடொன்று பூட்டிச் சுருங்கிவிடும். அலசியபின் முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துவாயில் வைத்துப் பாய் போலச் சுருட்டி மேலே அழுத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு நிழலில் பாயின் மேல் பரப்பி, முழங்கைப் பகுதியை இரு உள்ளங்கையாலும் தோள் பக்கமிருந்தும் மணிக்கட்டுப் பக்கமிருந்தும் நடுவை நோக்கி மெதுவாகத் தள்ளித் தட்டுங்கள். நூல் அடையாளம் மறுபடி 10 சென்ரிமீற்றருக்கு வரும்வரை இதைச் செய்யலாம். அரைகுறையாக உலர்ந்ததும் இன்னொரு தரம் செய்தால் பருத்திக்கு மிகவும் உதவும், ஏனென்றால் உலர்ந்து முடியும்போது இருக்கும் நிலையில்தான் அதன் பிணைப்புகள் அமர்கின்றன.

கொடியில் தோளைப் பிடித்துத் தொங்கவிடுவதுதான் பொதுவான பிழை. 400 கிராம் சுவெட்டர் ஈரத்தோடு அதைப்போல இரண்டு மடங்கு பாரமாகலாம். அந்தப் பாரம் எல்லாக் கண்ணியையும் நெடுக்கே இழுக்கும். முழங்கை மேடு மறைந்தது போலத் தெரியும். சுற்றியுள்ள துணியும் சேர்ந்து நீண்டுவிட்டதே காரணம், சுவெட்டர் ஒரு அளவு பெரிதாகியிருக்கும். கச்சான் காற்றில் அரைநாளில் உலரும்தான், ஆனால் நீண்டபடியே உலரும்.

கம்பளி என்றால், கழுவாமல் ஈரத்துணி போர்த்தி அயன் பெட்டியை ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் கொடுத்து, கையால் தட்டிச் சேர்க்கலாம். பெட்டியை அழுத்தித் தேய்த்தால் மேடு பக்கங்களுக்குப் பரவி தட்டையாகும், மிச்சத் துணி அங்கேயே இருக்கும், அடுத்த தரம் போட்டவுடன் எழும்பும். அக்ரிலிக்குக்கு இந்த ஆவி வேலையே கூடாது.

அடுத்த தரம் எடுக்கும்போது மணிக்கட்டு ரிப்பை இழுத்துப் பார்க்காதீர்கள், அது எந்தச் சுவெட்டரிலும் துள்ளித் திரும்பும். கையின் நடுப்பகுதியில், நெடுக்குவாட்டில் 5 சென்ரிமீற்றரை விரல்களால் பிடித்து 6.5 ஆகும்வரை இழுத்து, அரை நிமிடம் பிடித்துவிட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து அளந்தால் 5.1 அல்லது அதற்குள் இருக்க வேண்டும். 5.3 என்றால் வைத்துவிட்டு வாருங்கள். அதே இடத்தில் குறுக்காகவும் பாருங்கள், ஆனால் தீர்ப்பை நெடுக்கு அளவின்மேல் சொல்லுங்கள். பைக் பயணத்துக்கு என்றால் கை கொஞ்சம் அகலமாகவும் ஓர் அங்குலம் நீளமாகவும் உள்ளதை எடுத்து, உள்ளே வழுக்கும் துணியில் நீளக்கைச் சட்டை ஒன்று போடுங்கள். மடக்கும்போது துணி வழுக்கிக் கொடுத்துவிட்டால் கண்ணி நீள வேண்டிய அளவே குறைந்துவிடும்.